இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? வெளிநாட்டு டீமோடு சேர்ந்து ரிலீஸ் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் பில்லிங் மென்பொருளை மூன்று ஊர்கள் சேர்ந்து செய்கிறோம். சென்னையில் நாங்கள் கோடு எழுதுகிறோம். போலந்தின் கிராக்கோவில் டெஸ்டிங். டேட்டாபேஸும் சர்வர்களும் சியாட்டில்காரர்களின் பொறுப்பு. வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள் என்பதால் அவர்கள் ஊரில் இரவான பிறகுதான் ரிலீஸ் செய்ய முடியும். அதாவது சென்னைக்குக் காலைக் காபி நேரம், மற்ற இருவருக்கும் தூக்க நேரம். 2025 மார்ச் 12, புதன்கிழமை செய்த ரிலீஸை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன். சொதப்பலும் சரி, நன்றியும் சரி, அன்றைக்கு நிறைய இருந்தது.

ரிலீஸ் முடிந்ததும் சேனலில் "எல்லோருக்கும் நன்றி, அருமையான வேலை" என்று போட்டுவிட்டோம். அது போதாதா?

நாங்களும் அப்படித்தான் போட்டோம். மாலை 3.20க்கு எங்கள் லீட் போட்ட அந்தச் செய்திக்குக் கைதட்டல் படங்கள் மளமளவென்று விழுந்தன. விழுந்ததெல்லாம் சென்னையிலிருந்து. சியாட்டில் டேட்டாபேஸ்காரர் அப்போதுதான் படுத்திருந்தார். கிராக்கோவ் டெஸ்டர் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். நன்றிக்கு உரியவர்கள் இல்லாத நேரத்தில் நமக்கு நாமே கைதட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. காலை 11 மணிக்கு ஏசியில் உட்கார்ந்து ஒரு பட்டனின் பெயரை மாற்றியவருக்கும், இரவு 2.40 வரை டேட்டாபேஸோடு மல்லுக்கட்டியவருக்கும் "எல்லோருக்கும்" என்ற சொல் ஒரே அளவில்தான் அளந்து ஊற்றுகிறது. விழித்திருந்தவருக்கு அது உறைக்கும். வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

பொதுச் செய்தி இருக்கட்டும், அதில் தப்பில்லை. அதோடு ஆளுக்கொரு தனிச் செய்தி வேண்டும். அவர் என்ன செய்தார், அவர் ஊர்க் கடிகாரத்தில் அப்போது மணி என்ன, அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். நாலு வரிக்கு மேல் தேவைப்படாது.

யார் எத்தனை மணி வரை விழித்திருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களிடமே கேட்டால் அசிங்கமாக இருக்குமே.

கேட்க வேண்டியதில்லை, பெரும்பாலும் பதிவிலேயே இருக்கும். கிட் ஒவ்வொரு கமிட்டையும் அதை எழுதியவரின் கணினி நேரத்தோடும், யுடிசியிலிருந்து அந்தக் கணினி எத்தனை மணி தள்ளி இருக்கிறது என்பதோடும் சேர்த்தே சேமிக்கிறது. ஆகவே நம் ஊர் நேரத்துக்கு மாற்றாமல், அவர் பார்த்த கடிகாரத்தை அப்படியே நாமும் பார்க்கலாம்.

```
git log v4.1..v4.2 --date=iso --format='%ad | %s'
```

அன்றைய ரிலீஸில் இப்படி இரண்டு வரிகள் வந்தன. பெயரும் வேண்டுமென்றால் `%aN` சேர்த்துக்கொள்ளுங்கள்.

```
2025-03-12 14:05:41 +0530 | run index build outside transaction
2025-03-12 00:52:08 -0700 | drop invalid index before retry
```

முதல் வரி சென்னையில் மதியச் சாப்பாடு முடித்து வந்து எழுதியது. இரண்டாவது வரியின் கடைசியில் இருக்கும் `-0700` சியாட்டில். நள்ளிரவு தாண்டி 52 நிமிடம். `iso` என்பதற்குப் பதிலாக `iso-local` என்று கொடுத்தால் எல்லாம் நம் ஊர் நேரமாகிவிடும். அந்த வரி "13:22" என்று தெரியும், அதில் இருந்த ராத்திரி காணாமல் போய்விடும். எங்கள் ரிலீஸ் ரிப்போர்ட் எல்லாம் இந்திய நேரத்தில்தான் வரும். அவர்கள் ராத்திரி எங்கள் கண்ணில் படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதை முழுக்க நம்பிவிடவும் கூடாது. பல கமிட்டுகளை ஒன்றாக்கி ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் டீமில், மெர்ஜ் பட்டனை அழுத்திய நேரம்தான் மிஞ்சும். சிலர் கணினியை யுடிசியிலேயே வைத்திருப்பார்கள், எல்லாம் `+0000` என்று வரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கமிட்டே செய்யாதவர்கள். எங்கள் கிராக்கோவ் டெஸ்டரின் பெயர் அன்றைய கிட் பதிவில் ஒரு இடத்தில்கூட இல்லை. சிக்கலை முதலில் கண்டுபிடித்ததே அவர்தான். அவரைப் போன்றவர்களுக்கு ரிலீஸ் சேனலில் அவரவருடைய முதல் செய்தியும் கடைசிச் செய்தியும் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். டிக்கெட்டில் எழுதிய கமென்ட், ஆன்-கால் அலாரத்தை யார் எப்போது எடுத்தார் என்ற பதிவு, இவையும் உதவும். லினக்ஸ் கெர்னல்காரர்களிடம் இதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. சோதித்துப் பார்த்தவரின் பெயரைக் கமிட்டின் அடியிலேயே `Tested-by:` என்று எழுதிவிடுவார்கள். பிழையைச் சொன்னவருக்கு `Reported-by:`. நாங்களும் அதற்குப் பிறகு இதைத் தொடங்கியிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. இப்படித் திரட்டிய பட்டியலை யாரிடமும் காட்டாதீர்கள். கடிதம் எழுதுவதற்காக எடுத்தது அது. சேனலில் போட்டால் வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடும், "நான் ஏன் அதில் இல்லை" என்று இன்னொருவர் கேட்பார்.

சியாட்டிலுக்கு 12½ மணி, கிராக்கோவுக்கு 4½ மணி வித்தியாசம். கூட்டிக் கழித்தால் தெரிந்துவிடும், இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது?

நம் ஊரில் கடிகாரத்தை யாரும் மாற்றுவதில்லை, அதனால்தான் இப்படித் தோன்றுகிறது. சியாட்டிலுக்கு 12½ என்பது கோடையில் மட்டும், குளிர்காலத்தில் 13½. கிராக்கோவுக்கு 4½ என்பது குளிர்காலத்தில், கோடையில் 3½. இரண்டு ஊரும் ஒரே நாளில் மாற்றினாலாவது பரவாயில்லை. அமெரிக்கா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச்சின் கடைசி ஞாயிறு. 2025இல் அது மார்ச் 9, மார்ச் 30. நடுவில் மூன்று வாரம் எல்லோருடைய மனக்கணக்கும் தப்பும். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் திரும்புகின்றன. அங்கே ஒரு வாரம் இடைவெளி.

எங்கள் ரிலீஸ் சரியாக அந்த மூன்று வாரத்துக்குள் வந்து விழுந்தது. காலண்டர் அழைப்பு சியாட்டில் இரவு 9 மணி என்று பல மாதங்களுக்கு முன் போட்டது. குளிர்காலம் முழுக்க அது சென்னைக்குக் காலை 10.30, கிராக்கோவுக்குக் காலை 6. மார்ச் 9 தாண்டியதும் அதே அழைப்பு சென்னைக்கு 9.30 ஆனது. நாங்கள் ஒரு பஸ் முன்னாடி பிடித்தோம், அவ்வளவுதான். கிராக்கோவுக்கு அது காலை 5. காலண்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மனிதர்கள் யாரும் கவனிக்கவில்லை. டெஸ்டர் 4.15க்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறார்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ரிலீஸ் முடிந்து நான் அவருக்கு அனுப்பிய நன்றியில் "காலை 6 மணிக்கே வந்து உட்கார்ந்ததற்கு" என்று எழுதினேன், பழைய கணக்கு. அவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு, "ஐந்து" என்று ஒரே ஒரு சொல் பதில் அனுப்பினார். நன்றியில் நேரத்தைத் தப்பாக எழுதுவதைவிட எழுதாமலே இருந்திருக்கலாம். கவனித்தோம் என்று காட்டத்தான் எழுதுகிறோம், கவனிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

இப்போதெல்லாம் மனக்கணக்கு போடுவதில்லை. லினக்ஸ் டெர்மினலில் இப்படிக் கேட்டால் அந்தத் தேதிக்குச் சரியான நேரம் வரும். கிராக்கோவுக்குத் தனி மண்டலம் கிடையாது, வார்சாவைத்தான் கொடுக்க வேண்டும்.

```
TZ='Europe/Warsaw' date -d '2025-03-12 04:00 UTC'
TZ='America/Los_Angeles' date -d '2025-03-12 09:40 UTC'
```

முதலாவது காலை 5.00, இரண்டாவது இரவு 2.40. மேக்கில் இந்த `-d` வேலை செய்யாது. போன் கடிகாரத்தில் மூன்று ஊரையும் சேர்த்து வைத்துக்கொண்டாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் போன் இந்த நிமிடத்து வித்தியாசத்தைத்தான் காட்டும், அடுத்த மாத ரிலீஸுக்கு அதை நம்பாதீர்கள்.

உண்மையில் எங்கள் தப்பால்தான் அவர் விழித்திருக்க வேண்டி வந்தது. நன்றி சொல்வதா, மன்னிப்பு கேட்பதா?

இரண்டும், ஆனால் ஒரே வாக்கியத்தில் வேண்டாம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இன்வாய்ஸ் அட்டவணையில் தேடுவதற்காக ஒரு புதிய இண்டெக்ஸ் சேர்க்கும் மைக்ரேஷன் இருந்தது. எழுதியது சென்னை. போஸ்ட்கிரெஸில் சாதாரண `CREATE INDEX` போட்டால், இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை அந்த அட்டவணையைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. எங்கள் சோதனைச் சூழலில் அட்டவணை சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, யாருக்கும் உறைக்கவில்லை. உண்மையான அட்டவணையில் சுமார் 9 கோடி வரிகள்.

காலை 11.10க்கு, அதாவது கிராக்கோவில் 6.40க்கு, டெஸ்டர் ஒரு சோதனை இன்வாய்ஸைச் சேமித்துப் பார்த்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உடனே சேனலில் எழுதினார். அப்போது சியாட்டிலில் இரவு 10.40. தன் பங்கு முடிந்தது என்று எழுந்துபோன டேட்டாபேஸ்காரரை ஆன்-கால் அலாரம் திரும்பக் கூப்பிட்டது. பத்து நிமிடத்தில் இண்டெக்ஸ் வேலையை நிறுத்தி, வாடிக்கையாளர்கள் மறுபடி எழுத முடியும்படி செய்துவிட்டார்.

அங்கேயே அவர் தூங்கப் போயிருக்கலாம். போகவில்லை. புதிய தேடல் பக்கம் அந்த இண்டெக்ஸை நம்பித்தான் எழுதப்பட்டிருந்தது. அது இல்லாமல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 8 மணிக்கு அலுவலகங்கள் திறந்தால் எல்லாம் ஊர்ந்துபோகும், அப்போது சியாட்டிலில் காலை 5. அதற்குள் ஒன்று எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும், அல்லது இண்டெக்ஸை முடிக்க வேண்டும்.

எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் கட்ட `CREATE INDEX CONCURRENTLY` இருக்கிறது. அதிலும் இரண்டு முள். முதலாவது, அது ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது. எங்கள் மைக்ரேஷன் கருவியோ எல்லாவற்றையும் டிரான்சாக்‌ஷனுக்குள் பொதிந்துதான் ஓட்டும். அதனால் அவர் கையாலேயே ஓட்டினார். இரண்டாவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிரான்சாக்‌ஷன்கள் முடியும்வரை அது காத்துக்கிடக்கும். அன்று ஒரு நீண்ட ராத்திரி ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டதை நிறுத்தினால், செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அரைகுறையாக அங்கேயே கிடக்கும். தேடலுக்கும் உதவாது, ஒவ்வொரு எழுத்துக்கும் சுமை. மேலே பார்த்த 00:52 கமிட் அதைத் துடைப்பதற்கானது. ரிப்போர்ட் முடியக் காத்திருந்து, திரும்பத் தொடங்கி, முடிந்ததைச் சரிபார்த்து அவர் வெளியேறியபோது அங்கே மணி 2.40. சென்னையில் மாலை டீக்குக் கிளம்பும் நேரம், 3.10.

இவ்வளவு விலாவாரியாகச் சொல்லக் காரணம், அவர் செய்தது என்ன என்று புரிந்தால்தான் நன்றியும் சரியாக வரும். "எங்கள் தப்புக்கு மன்னிக்கவும், உங்கள் உதவிக்கு நன்றி" என்று ஒரே மூச்சில் எழுதினால் மன்னிப்புத்தான் கண்ணில் படும். எதிராளி "அட, பரவாயில்லை" என்று நம்மைத் தேற்றத் தொடங்கிவிடுவார். தூங்காதவர் தூங்கினவரைத் தேற்றுவது என்ன நியாயம்? ஆகவே நன்றிச் செய்தியில் நன்றி மட்டும். தப்பு எங்களுடையது என்பதை ஒரு வரியில், குழையாமல் சொன்னால் போதும். மன்னிப்பின் மீதிப் பகுதி வேலையில் இருக்க வேண்டும். பெரிய அட்டவணையில் `CONCURRENTLY` இல்லாத இண்டெக்ஸ் வந்தால் மெர்ஜ் ஆகவிடாமல் தடுக்கும் ஒரு சோதனையை அந்த வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்தோம். அதன் இணைப்பை அவருக்கு அனுப்பினேன். நன்றிச் செய்தியைவிட அந்த இணைப்புக்குத்தான் அவர் மகிழ்ச்சியாகப் பதில் எழுதினார்.

அப்படியானால் எழுதுவது எப்படி? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

நான் சியாட்டில்காரருக்கு ஆங்கிலத்தில் அனுப்பியது, தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> நேற்று இரவு 10.40க்கு அலாரம் அடித்தபோது உங்கள் வேலை முடிந்திருந்தது. திரும்பி வந்து பத்து நிமிடத்தில் இன்வாய்ஸ்களை மறுபடி ஓட வைத்தீர்கள். அதோடு விடாமல் 2.40 வரை இருந்து இண்டெக்ஸையும் முடித்தீர்கள். நீங்கள் போயிருந்தால் இன்று காலை நாங்கள் ரிலீஸையே திரும்பப் பெற்றிருப்போம். மைக்ரேஷன் தப்பு எங்களுடையது, அதற்கான சோதனையை நாங்கள் சேர்க்கிறோம். இன்று உங்களிடமிருந்து எங்களுக்கு எதுவும் தேவையில்லை. நன்றி.

கடைசிக்கு முந்தைய வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது. நன்றி சொல்லிவிட்டு அடியிலேயே "அப்புறம், ஒரு சின்ன சந்தேகம்..." என்று தொடங்கும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. அப்போது மேலே எழுதிய அத்தனையும் அந்தச் சந்தேகத்துக்குப் போட்ட முன்னுரை ஆகிவிடும். கேட்க வேண்டியது இருந்தால் மறுநாள் தனியாகக் கேளுங்கள்.

"ஹீரோ", "தியாகம்", "எங்களைக் காப்பாற்றிய தெய்வம்" மாதிரிச் சொற்களைத் தவிர்ப்பேன். ராத்திரி விழித்தது வீரம் என்றால் அடுத்த ரிலீஸிலும் வீரத்தை எதிர்பார்ப்போம். வீட்டில் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ நன்றி சொல்லி நமக்குப் பழக்கமில்லை, சொன்னால் அந்நியமாகக்கூட இருக்கும். அதனால் ஆபீஸில் சொல்ல வேண்டிவரும்போது ஒன்றும் சொல்லாமல் விடுகிறோம், இல்லாவிட்டால் மாலை போட்டு மேடையேற்றிவிடுகிறோம். நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும்.

எப்போது அனுப்புவது? சூட்டோடு சூடாக அனுப்பினால்தானே மரியாதை?

உங்கள் சூடு அவருக்கு நடுராத்திரி. ஆன்-காலில் இருப்பவர் போனைச் சைலண்டில் போடமாட்டார். 2.40க்குப் படுத்தவரை 2.50க்கு "நன்றி" என்று எழுப்பினால் எப்படி இருக்கும்? சேனல் முழுவதையும் கூப்பிடும் `@channel` போட்டு நன்றி சொல்வதும் இதே கதைதான்.

எழுதுவதை உடனே எழுதிவிடுங்கள், நினைவு பசுமையாக இருக்கும். ஸ்லாக்கிலும் ஜிமெயிலிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. சியாட்டில்காரர் மறுநாள் 11 மணிக்கு முன் வரமாட்டார் என்று கணக்குப் போட்டு, இந்திய நேரம் இரவு 11.30க்கு என்று குறித்து வைத்தேன். கிராக்கோவ் டெஸ்டர் விஷயம் வேறு. வேலை முடிந்தபோது அவர் ஊரில் காலை 10.40, விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு உடனே அனுப்பினேன். அவசரத்தில்தான் அந்த ஆறு மணித் தப்பும் நடந்தது.

அவருடைய மேலாளரையும் சேர்த்து அனுப்பினால் அவருக்கு நல்லதுதானே?

அமெரிக்காவில் பெரும்பாலும் நல்லது, சம்பள உயர்வுப் பேச்சில்கூட அந்த மெயில் பயன்படும். ஐரோப்பாவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர விதிப்படி ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். போலந்துச் சட்டத்திலும் அதே 11 மணிதான். முந்தைய நாள் மாலை 7 மணி வரை வேலை பார்த்தவர் காலை 5க்கு வந்தால் நடுவில் 10 மணி நேரம்தான் ஓய்வு. "காலை 5 மணிக்கே வந்தார்" என்று நாம் பெருமையாக மேலாளருக்கு எழுதுவது, விதி மீறப்பட்டதற்கு எழுத்துச் சாட்சி ஆகிவிடும். சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் மேலாளர்தான், ஆனால் சங்கடம் நம் நண்பருக்கு.

எங்கள் டெஸ்டரிடம் கேட்டபோது, "நான் என்ன கண்டுபிடித்தேன் என்று எழுதுங்கள், நேரத்தை விட்டுவிடுங்கள். நேரத்தை நானே பதிவு செய்து விடுப்பாக எடுத்துக்கொள்வேன்" என்றார். அப்படியே எழுதினேன். வெள்ளிக்கிழமை மதியம் அவர் கிளம்பிப்போனபோது எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் அவரைக் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டோம். அந்த மெயிலைவிட அதுதான் பெரிய வேலையாக இருந்தது.

ஏதாவது பரிசு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் தலைவலி அதிகம். அமேசான் பரிசு அட்டை எந்த நாட்டுத் தளத்தில் வாங்கியதோ அந்த நாட்டில்தான் செல்லும், இந்தியத் தளத்தில் வாங்கியது சியாட்டிலில் உதவாது. இனிப்பு அனுப்பினால் கஸ்டம்ஸ் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த ரிலீஸே வந்துவிடும். யாராவது நேரில் போகும்போது கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு பாக்கெட் முறுக்கு போதும்.

நாங்கள் வருடம் முழுக்க இரவு 9.30 மணி காலில் உட்கார்கிறோம். எங்களுக்கு யார் நன்றி சொன்னார்கள்?

நியாயமான குமுறல், எனக்கும் உண்டு. குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்தில் "நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். நம் 9.30 கால் தினமும் நடப்பதால் எல்லோருக்கும் அது சாதாரணம் ஆகிவிட்டது, நமக்கே ஆகிவிட்டது. நாம் ஒருநாளும் அதை மணியோடு சொன்னதில்லை. அவர்கள் காலண்டரில் அது ஒரு காலைக் கூட்டம், அவ்வளவுதான்.

அவர்களுடைய இரவை அவர்கள் ஊர் நேரத்தில் எழுதிய பிறகு, நம்முடையதை நம் ஊர் நேரத்தில் எழுதுவது எளிதாக இருந்தது. ரிலீஸ் ரிப்போர்ட்டில் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைச் செய்தவர் ஊர் நேரம் இருக்கிறது. யார் பெயரும் இல்லை, ஊரும் மணியும் மட்டும். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சியாட்டில் மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "சென்னையில் ஏன் இத்தனை 22:00?"

அடுத்த ரிலீஸுக்கும் இதே ஆட்கள்தான் விழித்திருக்கப் போகிறார்கள். வருடத்துக்கு நாலு நன்றி எழுதிக்கொண்டே இருப்பதா?

அதைத்தான் நாங்களும் யோசித்தோம். இரவு 9 மணி என்று யார் முடிவு செய்தார்கள் என்று தேடினால், யாருக்கும் தெரியவில்லை. எப்போதோ ஒருவர் போட்ட அழைப்பு. வாடிக்கையாளர் போக்குவரத்தைப் பார்த்தால், கிழக்குக் கரையில் இரவு 8.30க்கே இன்வாய்ஸ்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. அப்போது சியாட்டிலில் மாலை 5.30. சென்னையில் மறுநாள் காலை 6.00. கிராக்கோவில் நள்ளிரவு தாண்டி 2.30.

ஜூன் ரிலீஸை அந்த நேரத்துக்கு மாற்றினோம். கிராக்கோவை யாரும் எழுப்புவதில்லை என்பது முதல் நிபந்தனை. முதல் சுற்றுச் சோதனையைச் சென்னையே செய்வது, கிராக்கோவ் காலை 9க்கு வந்து இரண்டாம் சுற்று பார்ப்பது என்று பிரித்துக்கொண்டோம். டெஸ்டர் தன் சோதனைப் பட்டியலை முந்தைய நாளே எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். இதில் ஒரு குறையும் உண்டு. அவர் கண்ணுக்குத் தெரிவது எங்கள் கண்ணுக்குத் தெரியாது. 9 மணிக்கு வந்தவர், நாங்கள் தாண்டிப்போன இரண்டு பிழைகளைப் பிடித்தார். சின்னப் பிழைகள்தான், இருந்தாலும் அந்த ஆறரை மணி நேரம் அவை வாடிக்கையாளர் கண்ணில் பட்டிருக்கலாம். அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தோம்.

அன்று காலை ஐந்தரைக்கு ஆபீஸுக்கு வந்தபோது லிஃப்ட்டையே இன்னும் போடவில்லை, கேன்டீனும் திறக்கவில்லை. தெருமுனைக் கடையிலிருந்து ஒரு பையன் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தான். 7.20க்கு மைக்ரேஷன் முடிந்தது. சியாட்டிலில் அப்போது மாலை 6.50, டேட்டாபேஸ்காரர் கிளம்பிக்கொண்டிருந்தார். போகும்போது சேனலில் எழுதினார்: "சென்னையில் இப்போது காலை 7.20. இவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு நன்றி. நான் சாப்பிடப் போகிறேன்."

மணியைச் சரியாக எழுதியிருந்தார்.